எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில் இடுப்பு எலும்பு பட்டுப்போயிருக்கிறது

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் தம்பிக்கு வயது 28. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சிறுநீரில் புரதம் போகும் நோய் வந்து, ஸ்டீராய்டு மாத்திரை சில மாதங்கள் சாப்பிட்டான். அது குணமாகி மாத்திரையும் நிறுத்தியாயிற்று. ஐந்து மாதமாக வலது கவட்டையிலும் முழங்காலிலும் வலி. இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்து டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று வாரமாக வலி மிகவும் கூடியதால் இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரண்டு பக்கமும் ஏ.வி.என்., அதாவது இரத்த ஓட்டம் நின்று எலும்பு பட்டுப்போகும் நோய், முதல் நிலை என்று வந்திருக்கிறது. இடது பக்கம் அவனுக்கு வலியே இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாத நோய் எப்படி உண்மையாக இருக்கும்? எலும்பில் துளை போடும் ஆபரேஷனை உடனே செய்ய வேண்டுமா? அதற்கு முன்னால் உழிச்சல் பார்க்கலாமா? பழைய மருந்துச் சீட்டையும் படங்களையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு சகோதரி, திருவட்டாறு

பதில்: அன்புள்ள சகோதரி, ரிப்போர்ட் சரிதான். ஆனால் வலது பக்கத்துக்கு ‘முதல் நிலை’ என்று போட்டிருப்பதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அதை உறுதிசெய்ய இரண்டு சிறிய பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன. துளை போடும் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் அவற்றைச் செய்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அந்தப் பந்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் மிகச் சிறியவை. எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறிப் பந்துக்குள் நுழைகின்றன. ஒன்று அடைபட்டால் அது பாய்ந்த பகுதிக்கு மாற்றுவழி அநேகமாக இல்லை. இரத்தம் நின்ற அரை நாளுக்குள் மஜ்ஜையில் இருக்கும் இரத்த அணுக்கள் இறந்துவிடுகின்றன. இரண்டு நாளுக்குள் எலும்பின் உயிரணுக்களும், அடுத்த சில நாட்களில் கொழுப்பு அணுக்களும் இறக்கின்றன. அங்கே இருந்த சுண்ணாம்புச் சத்து மட்டும் துளிகூட நகராமல் அப்படியே நிற்கிறது. எக்ஸ்ரே பார்ப்பது அந்தச் சுண்ணாம்பை மட்டுமே. ஒக்கிப் புயலுக்குப் பிறகு உங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வேர் அறுந்த மரம் சில நாட்கள் இலையோடு நிமிர்ந்துதான் நிற்கும். தூரத்திலிருந்து படம் எடுத்தால் நல்ல மரத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. மரம் பட்டுப்போவதற்கு நாம் சொல்லும் சொல்லே இந்த எலும்புக்கும் பொருந்தும். பட்டது பட்டபடியே, உருவம் மாறாமல் நிற்கிறது.

எம்.ஆர்.ஐ. சுண்ணாம்பைப் பார்ப்பதில்லை. மஜ்ஜைக்குள் இருக்கும் கொழுப்பையும் நீரையும் பார்க்கிறது. உங்கள் தம்பியின் வயதில் தொடை எலும்புத் தலை முழுக்கக் கொழுப்பு மஜ்ஜைதான். டி1 என்று குறிக்கப்பட்ட படத்தில் அது வெள்ளையாகத் தெரிய வேண்டும். நீங்கள் அனுப்பியவற்றில் இரண்டு இடுப்பும் எதிரெதிராகத் தெரியும் நீள்வெட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். வலது பந்தின் மேல்பகுதியில், வெள்ளைக்கு நடுவே பேனாவால் கிறுக்கியது போல ஒரு கறுப்புக் கோடு வளைந்து போகிறது. அதன் இரு முனைகளும் மேலே குருத்தெலும்பின் அடியைத் தொடுகின்றன. கோட்டுக்கு மேலே, உள்ளே அடைபட்டிருக்கும் பகுதியும் வெள்ளையாகவே இருக்கிறது. அதுதான் இறந்த பகுதி. இறந்த கொழுப்பும் கொழுப்புதானே, அதனால் எம்.ஆர்.ஐ.க்கும் அது தொடக்கத்தில் உயிருள்ளதைப் போலவே தோன்றுகிறது. காட்டிக்கொடுப்பது அந்தக் கறுப்புக் கோடுதான். உயிருள்ள எலும்பு இறந்த எலும்பைச் சந்திக்கும் எல்லையில் உடல் பழுதுபார்க்கத் தொடங்குகிறது, நாரும் புது எலும்பும் அங்கே படிகின்றன. அந்த வேலி டி1 படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. டி2 படத்தில் அதே எல்லையைப் பாருங்கள்: வெளிப்புறம் ஒரு கறுப்புக் கோடு, அதை ஒட்டி உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு. வெள்ளையாக இருப்பது இரத்த நாளங்கள் நிறைந்த புதுத் திசு, கறுப்பாக இருப்பது கெட்டியான எலும்பு. இரட்டைக் கோடு என்று நாங்கள் சொல்லும் இந்த அடையாளம் வேறு நோய்களில் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் தம்பிக்கு இரண்டு பக்கமும் அது தெளிவாக இருக்கிறது.

ரிப்போர்ட் தவறாக இருக்கலாமோ என்ற ஐயம் முற்றிலும் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். இளம் வயதில் இடுப்பு வலியோடு வந்து, எம்.ஆர்.ஐ.யில் ஏ.வி.என். என்று தவறாக எழுதப்படும் நோய்கள் இரண்டு உண்டு. ஒன்றில் பந்தும் கழுத்தும் முழுக்க நீர்கோத்துக் கிடக்கும், ஆனால் எல்லைக்கோடு இருக்காது. அது சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். இன்னொன்றில் குருத்தெலும்பின் அடியில் எலும்பில் நுண்ணிய விரிசல் விழும். அங்கேயும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். ஆனால் அந்தக் கோடு பந்தின் மேற்பரப்போடு இணையாக, அதே வளைவில் போகும். பெரும்பாலும் அறுந்து அறுந்து இருக்கும். ஏ.வி.என். கோடு எதிர்ப்புறம் வளைந்து, ஒரு சிரட்டையை நிமிர்த்தி வைத்தது போல இறந்த பகுதியைக் கீழிருந்து தாங்கி நிற்கும். உங்கள் படங்களில் இருப்பது இந்தச் சிரட்டைதான். ஸ்டீராய்டு சாப்பிட்ட வரலாறும் அதோடு பொருந்துகிறது.

அந்த வரலாற்றைச் சற்று பார்ப்போம். மருந்துச் சீட்டின்படி பிரட்னிசலோன் நாளொன்றுக்கு 60 மி.கி. வீதம் எட்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். முதல் எட்டு வாரத்தில் மட்டும் 3,360 மி.கி. உள்ளே போயிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் 2,000 மி.கி.க்கு மேல் போய், அதன்பின் இரண்டு ஆண்டுக்குள் நோய் தெரிந்தால் அதை ஸ்டீராய்டால் வந்த ஏ.வி.என். என்று கொள்வது இன்று உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட வரையறை. இப்படிச் சொல்வதால் அந்த மருந்தைக் கொடுத்தவர் தவறு செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் கொட்டும் அந்த நோய்க்கு அதுதான் முதல் மருந்து, அந்த அளவும் வழக்கமான அளவுதான். அது உங்கள் தம்பியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நோய் திரும்பி வந்தால் மீண்டும் தேவைப்படவும் கூடும். அப்போது இடுப்பின் கதையைச் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு தரக்கூடிய வேறு மருந்துகள் அவரிடம் உண்டு. தம்பியாகவே மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. ஸ்டீராய்டு தொடங்கிய ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கோடு பொதுவாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆக, எலும்பு பட்டுப்போய் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் வலி தொடங்கியது. எலும்பு இறந்தபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இடது பக்கம் இன்று இருக்கும் நிலையில்தான் வலது பக்கமும் ஓர் ஆண்டுக்கு முன்னால் இருந்தது. ஸ்டீராய்டால் வரும் ஏ.வி.என். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு பக்கமும் வருகிறது. வலிக்கும் இடுப்பை மட்டும் படமெடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது பெரும் பிழை. உங்களுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிய மருத்துவர் இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொன்னது நல்ல காரியம்.

முழங்கால் வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் போகின்றன. அதனால் இடுப்பில் உள்ள கோளாறு தொடையின் முன்புறத்திலும் முழங்காலின் உட்பக்கத்திலும் வலியாகத் தெரியும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் ஒருமுறை தவறவிட்டேன். பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பது வயதுள்ள மீன்பிடித் தொழிலாளி ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தேன், நன்றாக இருந்தது. மாத்திரையும் தைலமும் எழுதிக்கொடுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு, வள்ளத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே காலைத் தூக்கிப்போட முடியவில்லை என்று சொன்னார். அப்போதுதான் அவர் இடுப்பைச் சுழற்றிப் பார்த்தேன். உள்பக்கமாகத் திரும்பவே மறுத்தது. படத்தில் பந்து சரிந்திருந்தது. முதல் நாளே அரை நிமிடம் செலவழித்து அந்த இடுப்பைத் திருப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. முழங்கால் வலி என்று வரும் இளைஞர் எவராக இருந்தாலும் இடுப்பைப் பார்க்காமல் இப்போது நான் அனுப்புவதில்லை.

அந்தச் சோதனையை நீங்களே வீட்டில் பார்க்கலாம். தம்பியை மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி, தொடை செங்குத்தாக நிற்கும்படி தூக்குங்கள். முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது இடுப்பு உள்ளே திரும்புகிறது. இளைஞருக்கு முப்பது நாற்பது பாகை எளிதாகத் திரும்ப வேண்டும். நோய் தொட்ட இடுப்பு பாதியிலேயே நின்று கவட்டையில் சுரீரென வலிக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், அழுத்த வேண்டாம். சம்மணமிட்டு உட்காரச் சிரமம், கால் நகம் வெட்டக் குனிய முடியாமை, சாரம் உடுத்த ஒற்றைக் காலில் நிற்கும்போது குத்தல் ஆகியவையும் தொடக்கத்திலேயே வருபவை. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே இவையெல்லாம் இருக்கும். முதுகு எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது உங்களை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. குனிந்து நிமிர்ந்து உழைக்கிற வயதில் லேசான பிதுக்கம் வலி இல்லாதவர்களுக்கும் இருக்கும். இடுப்பைத் திருப்பும்போது வலிக்கிறதென்றால் வலியின் வேர் முதுகில் இல்லை.

இனி, ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் ‘முதல் நிலை’. எக்ஸ்ரே, சி.டி. இரண்டும் இயல்பாக இருந்து எம்.ஆர்.ஐ.யில் மட்டும் மாற்றம் தெரிந்தால் முதல் நிலை. எக்ஸ்ரேயில் பந்துக்குள் வெண்திட்டுகளோ சிறு குழிகளோ தெரிந்து, உருவம் வட்டமாகவே இருந்தால் இரண்டாம் நிலை. குருத்தெலும்பின் அடியில் எலும்பு உடைந்துவிட்டால் மூன்றாம் நிலை, பந்து தட்டையாகியிருந்தாலும் இன்னும் தட்டையாகாவிட்டாலும். மூட்டே தேய்ந்துவிட்டால் நான்காம் நிலை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் எல்லைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் பந்தைக் காப்பாற்ற வழி உண்டு. தாண்டிவிட்டால் வழிகள் மளமளவென்று குறைந்துவிடும்.

இறந்த எலும்பு இறந்த நாளில் உடைந்துவிடுவதில்லை. உறுதி கொஞ்ச காலம் அப்படியே இருக்கும். எல்லையில் பழுதுபார்க்க வரும் உயிரணுக்கள் முதலில் இறந்த எலும்பை அரித்து அகற்றுகின்றன, பிறகுதான் புது எலும்பை இடுகின்றன. அகற்றும் வேகம் இடும் வேகத்தை மிஞ்சும்போது எல்லை பலவீனமாகிறது. அதன்மேல் நடையின் பாரம் விழ, குருத்தெலும்புக்குக் கீழே விரிசல் ஓடுகிறது. விரிசல் ஓடும்போது சுற்றியுள்ள மஜ்ஜையில் நீர்கோக்கிறது, மூட்டுக்குள்ளும் நீர் சுரக்கிறது, வலி திடீரென்று ஏறுகிறது.

உங்கள் தம்பியின் வலது பக்கத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். கொழுப்பை மறைத்து நீரை மட்டும் காட்டும் படத்தில் கறுப்புக் கோட்டுக்குக் கீழே, பந்தின் மீதிப் பகுதியிலும் கழுத்திலும் வெள்ளையாக நீர் பரவியிருக்கிறது. மூட்டுக்குள்ளும் கொஞ்சம் நீர் இருக்கிறது. இடது பக்கத்தில் இவை எதுவும் இல்லை. மூன்று வாரமாக வலி கூடியிருக்கிறது என்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விரிசல் விழுந்துவிட்டதா என்று தேடியே ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ. இந்த நுண்ணிய விரிசலைச் சில நேரம் காட்டாமல் விட்டுவிடும். மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. அதைவிட நன்றாகக் காட்டும். ஆகவே முதல் பரிசோதனை, இரண்டு இடுப்புக்கும் ஒரு மில்லிமீட்டர் வெட்டில் சி.டி. ஊசி மருந்து ஏற்றத் தேவையில்லை, சிறுநீரகம் ஒருமுறை பழுதுபட்டவருக்கு ஏற்றாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது பரிசோதனை, எக்ஸ்ரேயிலேயே விடுபட்ட ஒன்று. நீங்கள் அனுப்பிய இரண்டு எக்ஸ்ரேயும் நேராகப் படுக்கவைத்து முன்னிருந்து எடுத்தவை. இந்த நோய் பந்தின் முன்மேல் பகுதியைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். நேர்ப்படத்தில் அந்த இடத்தின்மேல் கிண்ணத்தின் விளிம்பு விழுந்து மறைத்துவிடும். முழங்காலை மடக்கி, தொடையை விரித்து, தவளை கிடப்பது போலப் படுக்கவைத்து ஒரு படம் எடுத்தால் முன்பகுதி விளிம்புக்கு வரும். குருத்தெலும்பின் அடியில் பிறைநிலா போல ஒரு கறுப்புக் கீற்று இருந்தால் அதில்தான் முதலில் தெரியும். தவளை நிலைப் படம் எடுக்காத எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக் கூடாது.

அடுத்தது அளவு. எவ்வளவு எலும்பு பட்டுப்போயிருக்கிறது, எந்த இடத்தில் என்பதுதான் நாளை பந்து சரியுமா என்பதைச் சொல்லும். பந்தின் நடுப்புள்ளியிலிருந்து இறந்த பகுதியின் இரு ஓரங்களுக்கும் கோடு வரைந்து, இடையே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். முன்னிருந்து பார்க்கும் படத்தின் நடுவெட்டில் ஒன்று, பக்கவாட்டுப் படத்தின் நடுவெட்டில் ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 190 பாகைக்குள் இருந்தால் சரியும் அபாயம் மிகக் குறைவு. 240-ஐத் தாண்டினால் மிக அதிகம். நீங்கள் அனுப்பிய படங்களில் வலது பக்கம் 105-ம் 115-ம் சேர்ந்து 220 வருகிறது. இடது பக்கம் 45-ம் 60-ம் சேர்ந்து 105. பிலிமைக் கைப்பேசியில் எடுத்த புகைப்படத்திலிருந்து அளந்திருக்கிறேன், ஐந்து பத்து பாகை முன்னேபின்னே இருக்கலாம். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாறாது. இடமும் அதையே சொல்கிறது. இடது பக்கத்தில் இறந்த பகுதி உடலின் நடுவை நோக்கிய பக்கத்தில் ஒதுங்கிச் சின்னதாக இருக்கிறது, பாரம் தாங்கும் கூரையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை. வலது பக்கத்தில் பாரம் தாங்கும் பகுதியின் மூன்றில் இரண்டைத் தாண்டி வெளிப்பக்கமாகப் போய்விட்டது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து இதுதான்.

வலது பக்கத்தில் சி.டி.யும் தவளை நிலைப் படமும் விரிசல் இல்லை என்று சொன்னால், துளையிடும் ஆபரேஷனை நான் ஒத்திப்போடமாட்டேன். இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்துகொள்ளச் சொல்வேன். தொடையின் வெளிப்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய கம்பியை இறந்த பகுதிக்குள் செலுத்தி, அதன்மேல் துளையிடுவார்கள். உள்ளே ஏறியிருக்கும் அழுத்தம் குறையும், புது இரத்த நாளம் நுழைய வழி கிடைக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைச் செறிவாக்கி அந்தத் துளை வழியே செலுத்துவதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது ஊன்றுகோலில் நடக்க வேண்டும். துளையிட்ட தொடை எலும்பு ஆறும்வரை ஒரு சறுக்கலில் முறிந்துவிடக்கூடும். இந்த ஆபரேஷன் எல்லோருக்கும் பலிப்பதில்லை. சிறிய, நடுத்தர அளவுள்ள பாதிப்பில் பலன் கூடுதல், பெரியதில் குறைவு. உங்கள் தம்பியின் 220 நடுவில் நிற்கிறது. பயன் கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்பேன். உறுதி சொல்லமாட்டேன்.

விரிசல் விழுந்திருந்தால் இந்தத் துளையை நான் போடமாட்டேன். உடைந்த ஓட்டுக்கு அடியில் துளையிட்டால் அது நிமிரப் போவதில்லை. அந்தச் செலவும் ஆறு வார முடக்கமும் வீணாகும். பந்து இன்னும் வட்டமாக இருந்தால் வலியைச் சமாளித்து, பாரத்தைக் குறைத்து, மூட்டு மாற்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது ஒரு வழி. தொடை எலும்பைக் கழுத்தின் அடிப்பகுதியில் வெட்டித் திருப்பி, நல்ல பகுதியைப் பாரத்துக்குக் கீழே கொண்டுவரும் ஆபரேஷனைச் சில பெரிய மையங்களில் செய்கிறார்கள். 28 வயதில் மூட்டு மாற்று செய்தால் இன்றைய செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவை இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும், ஆனால் வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரும் என்று கணக்கிட்டுத்தான் இறங்க வேண்டும். நடக்கவே முடியாத நிலை வந்தால் அதற்கு அஞ்சவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் பார்ப்பதானால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடது பக்கத்தை இப்போது கத்தியால் தொட வேண்டாம். வலியில்லாத இடுப்புகளிலும் பாதிக்கு மேல் பின்னாளில் வலிக்கோ சரிவுக்கோ போகின்றன. அந்தக் கணக்கில் பெரிய பாதிப்புகளே கூடுதல். உட்பக்கம் ஒதுங்கிய சின்னப் பாதிப்பு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். அப்போது கோடு நகர்ந்திருக்கிறதா என்பதைவிட, சுற்றிலும் நீர்கோத்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். இடையில் இடது கவட்டையில் வலி வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

அலென்ட்ரோனேட் என்ற வார மாத்திரையை யாராவது எழுதித் தரலாம். இறந்த எலும்பை அரிக்கும் வேகத்தை அது மட்டுப்படுத்தும் என்பது கணக்கு. பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது, இல்லை என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. நான் சிலருக்குக் கொடுப்பதுண்டு. உங்கள் தம்பியைப் பொறுத்தவரை சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது. அதைவிட முக்கியமானது வலி மாத்திரை. டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்றவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புரதம் கசிந்த சிறுநீரகத்துக்கு அவை ஆகாதவை. பாராசிட்டமால் போதும். போதாவிட்டால் மருத்துவரிடம் வேறு கேளுங்கள்.

உழிச்சல் வேண்டாம். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்மாரிடம் பலரும் நலம் பெறுவதை நான் அறிவேன், சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்களிடம் போவதை நான் தடுப்பதும் இல்லை. இங்கே அடைபட்டிருக்கும் நாளம் எலும்புக்குள் இருக்கிறது. மேலே எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அது திறக்காது. பலவீனமான பந்தின்மேல் ஆள் பாரத்தோடு மிதித்தாலும், காலை இழுத்துத் திருகினாலும், இன்னும் விழாத விரிசல் விழுந்துவிடலாம். ஆசானிடம் எம்.ஆர்.ஐ.யைக் காட்டி விவரத்தைச் சொல்லுங்கள், அனுபவமுள்ளவர் அவரே கை வைக்கமாட்டார்.

வேலையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் குடும்பத்தின் சோறு. விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களுக்குச் சரிவில் ஏறி இறங்கி, தாழ்ந்த பட்டையில் வெட்டும்போது குந்தி எழுந்து, பிறகு பால் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலை அது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்புப் பந்தின்மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் பாரம் விழுகிறது. கையில் வாளி இருந்தால் இன்னும் கூடும். சி.டி. முடிவு வரும்வரை பால்வெட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஊன்றுகோல் பிடித்து நடக்கட்டும். ஒற்றைக் கோல் என்றால் இடது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்துக் கையில் பிடிப்பதே எல்லோருக்கும் தோன்றும், ஆனால் எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் வலது இடுப்பின் பாரம் குறையும். மரத்தைக் கொஞ்ச காலம் வேறொருவருக்குப் பங்குக்கு விட முடியுமா என்று பாருங்கள். ஆறிய பிறகு ஷீட் அடிக்கும் இடத்தில் பாரம் தூக்காமல் நின்று செய்யும் வேலைக்குத் திரும்பலாம். சரிவில் வாளி தூக்கும் வேலைக்கு மீண்டும் போகலாமா என்பதை அடுத்த எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் சொல்ல முடியும். குடிப்பழக்கம் இருந்தால் முழுதாக விட வேண்டும். ஸ்டீராய்டுக்கு அடுத்தபடியாக இந்த எலும்பைப் படவைப்பது மதுதான்.

சி.டி. எடுக்கும் இடத்தில் பிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்திலும் வாங்குங்கள். கோணத்தைச் சரியாக அளக்கவும் விரிசலைத் தேடவும் கணினித் திரையில் ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்க்க வேண்டும், பிலிமில் அது நடக்காது. இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அதற்குள் எழுந்து நிற்கும்போதோ படி இறங்கும்போதோ இடுப்பில் ‘டக்’ என்று ஒரு சத்தமோ உடைவது போன்ற உணர்வோ வந்து காலை ஊன்ற முடியாமல் போனால், முறை வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.